பதில் அனுப்பினால் பத்தி முடிந்துவிடுமா?

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியராகப் பொறுப்பேற்ற முதல் வாரத்தில் என்னைப் பார்க்க வந்தவர், எனக்கு முன்பு அதே நாற்காலியில் ஆறு ஆண்டுகள் இருந்தவர். ஓய்வு பெற்று நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. தேநீர் வந்தது, அவர் குடிக்கவில்லை.

“அம்மா, எனக்கு இன்னும் பணிக்கொடை வரவில்லை. தணிக்கைத் தடை நிலுவையில் இருக்கிறதாம். நான் எல்லாவற்றுக்கும் பதில் அனுப்பிவிட்டுத்தான் போனேன். கோப்பைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்க முடியுமா?” என்றார்.

பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. எல்லாப் பத்திகளுக்கும் பதில் போயிருந்தது. சிலவற்றுக்கு இரண்டு முறை. ஆனால் ஒரு பத்திகூட நீங்கியிருக்கவில்லை. மூன்று தணிக்கை அறிக்கைகளில் மொத்தம் 14 பத்திகள் நிலுவையில் இருந்தன. அவற்றை முடிக்க எங்களுக்கு ஓராண்டுக்கும் மேல் ஆனது. அந்த ஓராண்டில் கற்றதை, அலுவலகக் கோப்புகளைக் கண்டு தயங்கும் தலைமை ஆசிரியர்களுக்காகவும், நாளை அந்த இடத்துக்கு வரப்போகும் ஆசிரியர்களுக்காகவும் எழுதுகிறேன்.

பதில் வேறு, நிவர்த்தி வேறு

தணிக்கைக் குழு வந்து சென்றபின் ஆய்வறிக்கை வரும். மாநிலக் கணக்காயர் அலுவலகத்தின் ஆய்வறிக்கை என்றால், கிடைத்த நான்கு வாரங்களுக்குள் முதல் பதில் போக வேண்டும். இதைப் பெரும்பாலான பள்ளிகள் எப்படியோ செய்துவிடுகின்றன. அதன்பிறகு கோப்பு அலமாரிக்குள் போய்விடுகிறது. சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

பதில் என்பது நாம் சொல்வது. நிவர்த்தி என்பது தணிக்கை அலுவலகம் ஏற்றுக்கொண்டு, ‘இப்பத்தி நீக்கப்படுகிறது’ என்று எழுத்தில் தெரிவிப்பது. இரண்டுக்கும் இடையில் சில நேரம் பல ஆண்டுகள் கிடக்கின்றன. எங்கள் கோப்பில் இருந்த பதில்களில் பாதி, ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்று முடிந்தன. மறுபாதி, ‘இனிவருங்காலங்களில் தவறாமல் பின்பற்றப்படும்’ என்று முடிந்தன. தணிக்கை அலுவலகத்தின் மறுமொழியும் எப்போதும் ஒன்றுதான்: ‘ஆதாரம் இணைக்கப்படவில்லை. பத்தி நிலுவையில் வைக்கப்படுகிறது.’

தணிக்கையாளர் பார்வையில் நின்று யோசித்தால் அதில் தவறில்லை. நாம் எழுதும் வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் பத்தியை நீக்க முடியாது. அவர் கேட்ட செயல் நடந்தது என்பதற்கு ஒரு தாள் அவருடைய கோப்பில் இருந்தாக வேண்டும்.

முதலில் பிரித்தோம்

எங்கள் இளநிலை உதவியாளரும் நானும் ஒரு சனிக்கிழமை 14 பத்திகளையும் மேசையில் பரப்பினோம். ஒவ்வொரு பத்தியின் கடைசி வரியை மட்டும் வாசித்தோம். தணிக்கை என்ன கேட்கிறது என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதைக் கொண்டு நான்கு கட்டுகளாகப் பிரித்தோம்.

முதல் கட்டு, தணிக்கையின்போது காட்டப்படாத ஆவணங்கள். செலவு சரியாக நடந்திருக்கும். பற்றுச்சீட்டோ ஒப்புகையோ அன்று கிடைத்திருக்காது. இதில் ஆறு பத்திகள். இரண்டாவது கட்டு, திரும்ப வசூலிக்க வேண்டிய தொகைகள், மூன்று பத்திகள். மூன்றாவது கட்டு, உரிய அனுமதி பெறாமல் செய்த செலவுகள். இவற்றுக்கு மேலலுவலரின் பின்னேற்பு ஆணை வேண்டும். அதை நாமே வழங்க முடியாது, கருத்துரு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். இதிலும் மூன்று. நான்காவது கட்டு, நடைமுறைக் குறைகள். ரொக்கப் புத்தகத்தையும் வங்கிக் கணக்கையும் மாதந்தோறும் ஒப்பிடாதது, ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு செய்யாதது போன்ற இரண்டு பத்திகள்.

இப்படிப் பிரித்ததும் ஒன்று புரிந்தது. நான்கு வகைக்கும் ஒரே மாதிரியான பதிலை எழுதியதால்தான் எதுவும் முடியவில்லை. முதல் வகைக்குத் தேடல் வேண்டும். இரண்டாவதற்குக் கணக்கீடும் செலானும் வேண்டும். மூன்றாவதற்கு ஆணை வேண்டும். நான்காவதற்குச் சில மாதங்கள் ஒழுங்காகச் செய்து காட்டிய பதிவேடு வேண்டும்.

ஏழு மிதிவண்டிகள்

முன்னாள் தலைமை ஆசிரியரின் பணிக்கொடையைத் தடுத்துக்கொண்டிருந்தது முதல் கட்டில் இருந்த ஒரு பத்தி. பதினோராம் வகுப்புக்கான விலையில்லா மிதிவண்டிகள் ஓராண்டில் 214 வந்தன. வழங்கல் பதிவேட்டில் 207 கையொப்பங்களே இருந்தன. மீதி ஏழுக்கு ஒப்புகையைக் காட்ட வேண்டும், இல்லையேல் அவற்றின் விலையைப் பொறுப்பானவரிடம் வசூலிக்க வேண்டும் என்பது பத்தி.

முதல் பதிலில், ‘அனைத்து மாணவர்களுக்கும் வழங்கப்பட்டுவிட்டது’ என்று இருந்தது. இரண்டாவது பதிலில், ‘விடுபட்ட மாணவர்களின் கையொப்பம் பெற நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்று இருந்தது. அதற்குள் அந்த மாணவர்கள் பள்ளியை விட்டுப் போய் மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

உதவியாளர் தயங்கித் தயங்கி ஒரு வழி சொன்னார். “மேடம், ஏழு கையெழுத்துதானே? பசங்க ஊரில்தான் இருப்பாங்க. இப்போ வாங்கிப் பதிவேட்டில் சேர்த்துடலாமா?”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் இன்று வாங்கும் கையொப்பத்தைப் பழைய தேதியிட்ட பதிவேட்டில் சேர்ப்பது ஆவணத்தைத் திருத்துவதாகும். ஒப்புகை இல்லை என்பது ஒரு குறை; திருத்திய பதிவேடு குற்றம். தணிக்கைக் குழு அந்தப் பக்கத்தை ஏற்கெனவே பார்த்து எண்ணிக்கை குறித்துக்கொண்டு போயிருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

எனவே ஏழு பெயர்களைக் கண்டுபிடிப்பதிலிருந்து தொடங்கினோம். அந்த ஆண்டின் தேவைப்பட்டியலையும் வழங்கல் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதில் பெயர்கள் கிடைத்தன. பிறகு ஒவ்வொரு பெயரையும் சேர்க்கைப் பதிவேட்டிலும், வருகைப் பதிவேட்டிலும், மாற்றுச் சான்றிதழ் அடிக்கட்டையிலும் தேடினோம்.

நான்கு பேர் வழங்கும் விழா நாளன்று பள்ளிக்கு வரவில்லை. அவர்களுக்குப் பத்து நாள் கழித்து வகுப்பாசிரியர் வழங்கியிருந்தார். தனித்தாளில் கையொப்பம் வாங்கி, அதைத் தம் வகுப்புக் கோப்பிலேயே வைத்திருந்தார். அந்த ஆசிரியர் இன்னும் எங்கள் பள்ளியில்தான் இருந்தார். “யாரும் என்கிட்ட கேட்கவே இல்லையே மேடம்” என்றார். மூன்று ஆண்டுகள் நிலுவையில் இருந்த பத்தியின் பெரும்பகுதி அடுத்த அறையில் இருந்தது.

இரண்டு பேர் மிதிவண்டி வருவதற்கு முன்பே மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்றவர்கள். தேவைப்பட்டியலில் அவர்கள் பெயரை நீக்காமல் விட்டிருக்கிறார்கள். அவர்களுக்கான இரண்டு வண்டிகள் எங்கே? அனுப்புகைப் பதிவேட்டை மாதம் மாதமாகப் புரட்டியதில், பற்றாக்குறையாக இருந்த பக்கத்துப் பள்ளிக்கு இரண்டு மிதிவண்டிகள் அனுப்பிய கடிதம் ஒன்று கிடைத்தது. அந்தப் பள்ளிக்கு எழுதி, அவர்களுடைய இருப்புப் பதிவேட்டில் வரவு வைத்த பக்கத்தின் சான்றிட்ட நகலை வாங்கினோம்.

ஏழாவது வண்டியைத்தான் எந்தத் தாளிலும் காணவில்லை. கடைசியில் அது ஆய்வகத்துக்குப் பின்னாலிருந்த பழைய சாமான் அறையில், உடைந்த பெஞ்சுகளுக்கு அடியில் கிடந்தது. அதற்குரிய மாணவி ஆண்டின் நடுவில் படிப்பை நிறுத்திவிட்டார். வண்டியை யாரோ பத்திரமாக உள்ளே வைத்துவிட்டு, எதிலும் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

அப்படியானால் ‘அனைத்து மாணவர்களுக்கும் வழங்கப்பட்டுவிட்டது’ என்ற பழைய பதில் தவறு. அதை எழுதியவர் பொய் சொல்லவில்லை, பார்க்காமல் எழுதிவிட்டார். எங்கள் புதிய பதிலில் அதை மறைக்கவில்லை. நான்குக்கு ஒப்புகை, இரண்டுக்கு மாற்றிய கடிதமும் வரவும், ஒன்று வழங்கப்படாமல் இருப்பில் உள்ளது என்று பிரித்து எழுதினோம். முன்பு அனுப்பிய பதிலில் இருந்த பிழையையும் குறிப்பிட்டோம். ஏழாவது வண்டியை அன்றைய தேதியில் இருப்புப் பதிவேட்டில் வரவு வைத்து, அதை என்ன செய்வது என்று முதன்மைக் கல்வி அலுவலரிடம் ஆணை கேட்டுக் கருத்துரு அனுப்பினோம்.

தணிக்கைத் தடைகளுக்கான கூட்டமர்வில் அசல் ஆவணங்களையும் நகல்களையும் வைத்தோம். கண்காணிப்பாளர் ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஆறு வண்டிகளை ஏற்றுக்கொண்டார். ஏழாவதற்கு ஆணை வரும்வரை பத்தி பகுதி நிலுவையாகவே இருக்கும் என்று எழுதினார். உதவியாளருக்கு வருத்தம். எனக்கு இல்லை. ஏழு என்றிருந்தது ஒன்று என்று குறைந்ததும், அந்த ஒன்றுக்கு என்ன தாள் வேண்டும் என்பது எழுத்தில் தெரிந்ததும் பெரிய முன்னேற்றம். இரண்டு மாதத்தில் ஆணை வந்தது. வண்டியைப் பழுது பார்த்து, தேவைப்பட்டியலில் இருந்த இன்னொரு பள்ளி மாணவிக்கு வழங்கி, ஒப்புகையை அனுப்பினோம். அதன்பிறகே அந்தப் பத்தி நீங்கியது.

கேட்ட தொகையைக் கட்டியும் முடியாத பத்தி

இரண்டாவது கட்டில் இருந்த ஒன்று எனக்கு வேறொரு பாடம் சொல்லிக்கொடுத்தது. ஓர் ஆசிரியர் மருத்துவச் சான்று இல்லாமல் ஊதியமில்லா அசாதாரண விடுப்பு மூன்று மாதங்கள் எடுத்திருந்தார். அந்தக் காலம் ஊதிய உயர்வுக்கான பணிக்காலத்தில் சேராது. எனவே அவருடைய ஊதிய உயர்வு நாள் ஜூலை 1-இலிருந்து அக்டோபர் 1-க்குத் தள்ளிப்போயிருக்க வேண்டும். அலுவலகம் தள்ளவில்லை. ஆண்டுக்கு மூன்று மாதம் என்று இரண்டு ஆண்டுகளுக்கு ரூ.11,400 கூடுதலாக வழங்கப்பட்டது என்று தணிக்கை கணக்கிட்டு, வசூலிக்கச் சொன்னது.

எனக்கு முன்பே அந்தத் தொகையைத் தவணைகளில் பிடித்து முடித்திருந்தார்கள். ஊதியப் பட்டியல் நகல்களும் இருந்தன. ஆனாலும் பத்தி நீங்கவில்லை. ஏன் என்று பணிப்பதிவேட்டைத் திறந்ததும் தெரிந்தது. தொகையைப் பிடித்தவர்கள் ஊதிய உயர்வு நாளை மாற்றவில்லை. தணிக்கைக்குப் பின் வந்த இரண்டு ஆண்டுகளிலும் அவருக்கு ஜூலையிலேயே உயர்வு வழங்கப்பட்டிருந்தது. அறிக்கையில் இருந்த தொகை தணிக்கை நடந்த நாள்வரைக்குமானது. தவறு அன்றோடு நிற்கவில்லை, ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டிருந்தது. புதிதாகக் கணக்கிட்டதில் மேலும் ரூ.13,100 வந்தது.

ஆகவே வசூல் பத்தி எதுவானாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறேன். அறிக்கையில் சொன்ன தொகை வந்ததா? அந்தத் தவறு தணிக்கை நாளுக்குப் பின்னும் தொடர்ந்ததா? இனித் தொடராதபடி மூலப் பதிவு திருத்தப்பட்டதா? இந்த நேர்வில் மூலப் பதிவு என்பது பணிப்பதிவேடு. ஊதிய உயர்வு நாளைத் திருத்திய ஆணை, பணிப்பதிவேட்டுப் பதிவு, மறுகணக்கீடு, வசூலித்த விவரம் ஆகிய நான்கையும் அனுப்பியபோதுதான் பத்தி நீங்கியது.

அந்த ஆசிரியரிடம் பேசியதையும் சொல்ல வேண்டும். முதல் முறை பிடித்தபோது அவருக்கு எந்தக் கணக்கும் காட்டவில்லை. இரண்டாவது முறை கணக்கீட்டுத் தாளோடு அறிவிப்பு கொடுத்து, அவருடைய விளக்கத்தைப் பெற்று, அதன்பிறகே தவணையை முடிவு செய்தோம். பிழை அலுவலகத்தினுடையது, பணம் போவது அவருக்கு. குறைந்தது கணக்கையாவது அவர் பார்க்க வேண்டும்.

காலம் கடத்தினால் இந்த வகைப் பத்திகள் இன்னும் சிக்கலாகும். கூடுதலாகக் கொடுத்த ஊதியத்தைத் திரும்பப் பெறுவது குறித்து உச்ச நீதிமன்றம் 18.12.2014 அன்று ரஃபீக் மசீ வழக்கில் சில வரம்புகளை வகுத்தது. ஓய்வு பெற்றவர்கள், ஓராண்டுக்குள் ஓய்வு பெறவிருப்பவர்கள் ஆகியோரிடமிருந்தும், வசூல் ஆணைக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கப்பட்டு வந்த கூடுதல் தொகையையும் வசூலிப்பது ஏற்கத்தக்கதல்ல என்பது அவற்றுள் அடங்கும். கூடுதலாக வழங்கியிருந்தால் திருப்பித் தருகிறேன் என்று முன்பே உறுதிமொழி எழுதிக் கொடுத்தவர்களின் நிலை வேறு என்று 2016-இல் வந்த இன்னொரு தீர்ப்பு சொல்கிறது. எனவே இத்தகைய நேர்வில் தலைமை ஆசிரியர் தாமாகப் பிடித்தம் செய்யத் தொடங்காமல், முழு விவரத்துடன் மேலலுவலகத்தின் அறிவுரையைப் பெறுவதே முறை. முதல் ஆண்டிலேயே முடித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

ஒரு பதிவேடு, மாதம் அரை மணி நேரம்

இவ்வளவுக்கும் எங்களுக்கு உதவியது ஒரு சாதாரண நீள நோட்டு. அதற்குத் ‘தணிக்கைத் தடை கண்காணிப்புப் பதிவேடு’ என்று பெயர் எழுதினோம். ஒரு பத்திக்கு ஒரு முழுப் பக்கம். மேலே அறிக்கை எண், பத்தி எண், தொகை. அதன்கீழே தணிக்கை கேட்பது என்ன என்பதை எங்கள் சொற்களில் ஒரே வாக்கியமாக எழுதினோம். அடுத்து, என்ன தாள் கிடைத்தால் இது முடியும்? அதைக் கொண்டுவர வேண்டியவர் யார்? எந்தத் தேதிக்குள்? மீதிப் பக்கம் முழுவதும் தேதிவாரியாக நடந்தவை.

‘யார்’ என்ற இடத்தில் ‘அலுவலகம்’ என்று எழுதக் கூடாது என்று ஒரு விதி வைத்தோம். ஒருவரின் பெயர் இருக்க வேண்டும். ‘அலுவலகம்’ என்று எழுதிய பக்கங்களில் எதுவும் நகரவில்லை என்பதை முதல் இரண்டு மாதங்களிலேயே கண்டோம்.

நிலையைக் குறிக்க மூன்று சொற்களையே பயன்படுத்தினோம்: பதில் அனுப்பியது, பகுதி ஏற்பு, நிறைவு. தணிக்கை அலுவலகக் கடிதத்தின் எண்ணும் தேதியும் இல்லாமல் ‘நிறைவு’ என்று யாரும் எழுதக் கூடாது. கூட்டமர்வில் வாய்மொழியாக ‘சரி’ என்று சொன்னதை நம்பி ஒரு பக்கத்தை மூடியிருந்தோம். அடுத்த நிலுவைப் பட்டியலில் அந்தப் பத்தி அப்படியே திரும்பி வந்தது. அன்று வைத்த விதி இது.

ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் ஒரு நாள், கடைசிப் பாடவேளையில் அரை மணி நேரம் பக்கங்களைப் புரட்டுவோம். தேதி கடந்தவற்றை மட்டும் பேசுவோம். மேலலுவலக ஆணைக்காகக் காத்திருப்பவற்றுக்கு நினைவூட்டுக் கடிதம் அன்றே போகும்.

நடைமுறைக் குறைகள் பற்றிய இரண்டு பத்திகளை மட்டும் வேண்டுமென்றே தாமதமாக அனுப்பினோம். வங்கிக் கணக்கை ஒப்பிடத் தொடங்கிய முதல் மாதமே ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதியிருக்கலாம். ஆறு மாதம் விடாமல் செய்து, ஆறு மாதப் பட்டியல்களையும் இணைத்து அனுப்பினோம். இரண்டாவது மாதம் விட்டுப்போகிற பழக்கம் எங்களுக்கு உண்டு என்பது எங்களுக்கே தெரியும். நீங்கிய குறை அடுத்த தணிக்கையில் மீண்டும் தென்பட்டால், அது தொடர் குறையாகிவிடும். முன்னைவிடக் கடுமையாகப் பார்க்கப்படும்.

மிதிவண்டி வழங்கலிலும் அதைச் செய்தோம். இப்போது விழா முடிந்த அன்று மாலையே, வந்தவை, வழங்கியவை, கையிருப்பு மூன்றும் கூட்டிச் சரிபார்க்கப்படும். வராத மாணவர்களின் பட்டியல் அதே பதிவேட்டின் அடுத்த பக்கத்தில் எழுதப்படும், தனித்தாள் கிடையாது. கையிருப்பு பூஜ்ஜியம் ஆகும்வரை அந்தப் பக்கத்தில் தலைமை ஆசிரியர் இறுதிக் கையொப்பம் இடுவதில்லை.

ஒப்படைக்கும்போது

மாறுதலிலோ ஓய்விலோ செல்பவர் சாவியையும் ரொக்கத்தையும் இருப்பையும் ஒப்படைக்கிறார். நிலுவைத் தணிக்கைப் பத்திகளையும் பக்கம் பக்கமாக ஒப்படைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒவ்வொரு பத்திக்கும் எந்த ஆவணம் எந்த அலமாரியில் இருக்கிறது, யாருக்கு என்ன தெரியும் என்பதைச் சொல்ல அவர்தான் இருக்கிறார். ஓராண்டு கழித்து அவருக்கே அது நினைவிருக்காது.

எங்கள் 14 பத்திகளில் 12 நீங்கிவிட்டன. மீதி இரண்டும் பின்னேற்பு ஆணைக்காகக் காத்திருக்கின்றன. அவற்றின் பக்கங்கள் இன்னும் திறந்தே இருக்கின்றன. மிதிவண்டிப் பத்தி நீங்கிய கடிதம் வந்த அன்று, முன்னாள் தலைமை ஆசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “அந்த ஏழாவது வண்டி எங்கே இருந்தது அம்மா?” என்று கேட்டார்.

“சாமான் அறையில் சார்.”

“அந்த அறைச் சாவி ஆறு வருஷம் என் மேசையில்தான் இருந்தது” என்றார்.